அப்பாவின் கார்டில் போகும் அந்த 43 வெள்ளி 9 காசு

அண்ணே, எங்க அப்பாவோட டெபிட் கார்டில் மாதாமாதம் RM43.09 போகிறது. ஸ்டேட்மெண்டில் XXXXTECH LTD LIMASSOL CYP என்று இருக்கிறது, முன்னால் உள்ள நான்கு எழுத்தை நான்தான் மறைத்திருக்கிறேன். 2025 மார்ச் 6, ஏப்ரல் 3, மே 1, மே 29 என நான்கு தடவை போயிருக்கிறது. அப்பா தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆன்லைனில் எதுவும் வாங்கவில்லை, இந்தத் தேதிகளில் ஓடிபியும் வரவில்லை என்கிறார். பேங்கில் கேட்டால் கார்டை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா? எடுப்பது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

---

தம்பி, கார்டை மாற்றுவதற்கு ஒரு இரண்டு நாள் பொறுங்கள். நான் ஒன்பது வருடம் ஒரு பேங்கின் கார்டு புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருந்தவன், இப்போது சுங்கை சிப்புட்டில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன், இந்த மாதிரி ஸ்டேட்மெண்டைத் தூக்கிக்கொண்டு மாதத்துக்கு இரண்டு பேராவது கடைக்கு வந்துவிடுகிறார்கள். நீங்கள் தேதிகளைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் பாதி வேலை இங்கேயே முடிகிறது.

மாதாமாதம் போகிறது என்கிறீர்கள், ஆனால் உங்கள் தேதிகளையே பாருங்கள். மே மாதத்தில் இரண்டு தடவை போயிருக்கிறது. நான்கு தேதிக்கும் காலண்டரைப் புரட்டினால் நான்குமே வியாழக்கிழமை. மார்ச் 6க்கும் ஏப்ரல் 3க்கும் இடையில் 28 நாள், அங்கிருந்து மே 1க்கு 28, மே 29க்கு மறுபடி 28. ஆக இது மாதச் சந்தா இல்லை, நான்கு வாரச் சந்தா. மாதச் சந்தாவில் வருடத்துக்கு 12 தடவை எடுப்பார்கள், இதில் 13 தடவை, அதனால் சில கம்பெனிகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். உங்களுக்கும் இது ஒரு வகையில் நல்லது, ஏனென்றால் கார்டு எண்ணைத் திருடியவன் காலண்டர் பார்த்து வியாழக்கிழமை வியாழக்கிழமையாக ஒரே தொகையை எடுத்துக்கொண்டிருக்க மாட்டான். அவன் முதலில் ஒன்றிரண்டு வெள்ளி எடுத்துப் பார்ப்பான், போகிறது என்று தெரிந்தால் அடுத்த சில மணி நேரத்திலேயே பெரிய தொகையாக இழுப்பான், அதுவும் வேறு வேறு பெயரில். அப்படி ஒன்று ஸ்டேட்மெண்டில் கண்ணில் பட்டால் நான் கீழே சொல்வது எதையும் செய்யாதீர்கள், அந்த நிமிடமே பேங்கின் 24 மணி நேர எண்ணுக்கு அடித்துக் கார்டை முடக்குங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்டேட்மெண்டில் சில பேங்குகள் இரண்டு தேதி போடும், வாங்கிய தேதி ஒன்று, கணக்கில் ஏறிய தேதி ஒன்று. ஏறிய தேதி ஒன்று முதல் மூன்று நாள் வரை தள்ளி வரும், நடுவில் விடுமுறை வந்தால் இன்னும் தள்ளும், அதை வைத்து எண்ணினால் 28 என்பது 26, 30 என்று குழம்பிவிடும். எப்போதும் வாங்கிய தேதியையே எண்ணுங்கள்.

அடுத்தது தொகை. நான்கு தடவையும் காசு பிசகாமல் 43.09. இதை அமெரிக்க டாலரில் எடுத்திருந்தால் மாற்று விகிதம் ஆட ஆட ஒவ்வொரு தடவையும் சில காசாவது மாறியிருக்கும். மாறவில்லை என்றால், வரியில் CYP என்று காட்டுகிற சைப்ரஸ் நாட்டுக் கம்பெனியாக இருந்தாலும் விலையை ரிங்கிட்டிலேயே வைத்து மலேசியாக்காரர்களுக்கு விற்கிறார்கள் என்று அர்த்தம். இப்போது 43.09ஐ 1.08ஆல் வகுத்துப் பாருங்கள், 39.90 வரும். வெளிநாட்டிலிருந்து வரும் டிஜிட்டல் சேவைக்கு நம் அரசாங்கம் 2020 ஜனவரியிலிருந்து 6 விழுக்காடு சேவை வரி போட்டது, 2024 மார்ச் 1 முதல் அது 8 விழுக்காடு. 39.90 என்பது கடைக்காரன் வைக்கும் விலை மாதிரியே இருக்கிறது, 43.09 எந்தக் கடைக்காரனும் வைக்கிற விலை இல்லை. தற்செயலாகக்கூட இப்படி அமையலாம், இருந்தாலும் நான் பந்தயம் கட்டுவதென்றால் இது 39.90 வெள்ளிக்கு விற்கிற ஏதோ ஒரு ஆப் அல்லது இணையச் சேவை என்றுதான் கட்டுவேன். ஆன்லைனில் எதுவும் வாங்கவில்லை என்று அப்பா சொல்வதும் இதோடு ஒத்துப்போகிறது. இந்த 39.90ஐ மறந்துவிடாதீர்கள், தேடும்போது வேண்டும்.

சரி, பெயர். ஸ்டேட்மெண்டில் வருகிற அந்த ஒரு வரிக்கு இடம் ரொம்பக் குறைவு. கார்டு வலையமைப்பைப் பொறுத்துப் பெயருக்கு 22 அல்லது 25 எழுத்து, ஊருக்கு 13, கடைசியில் நாட்டுக் குறியீடு, அவ்வளவுதான். அந்த இடத்தில் கம்பெனி தன் கடைப் பெயரைப் போடலாம், பதிவான பெயரையும் போடலாம். விளம்பரத்தில் பார்த்த பெயர் ஒன்று, சட்டப்படி பதிவான லிமிடெட் கம்பெனியின் பெயர் இன்னொன்று, இரண்டுக்கும் ஒரு எழுத்துகூட ஒத்துப்போகாது. நம் ஊரிலும் அப்படித்தானே, பலகையில் ஒரு பெயர் இருக்கும், ரசீதில் வேறு ஏதோ சென்டிரியான் பெர்ஹாட் இருக்கும். லிமாசோல் சைப்ரஸில் உள்ள ஊர், வரியில் அது வந்தால் கம்பெனி அங்கே பதிவாகியிருக்கிறது என்பதுதான் தெரியும், விற்பவன் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்ல முடியாது. ஊர் இருக்க வேண்டிய இடத்தில் சில கம்பெனிகள் தொலைபேசி எண்ணையோ இணைய முகவரியையோ போடும், அது வந்தால் உங்களுக்கு வேலை மிச்சம். நடுவில் நட்சத்திரக் குறி வந்தால், உதாரணமாக `PAYPAL *`, `GOOGLE *`, `PADDLE.NET*` என்று வந்தால், குறிக்கு முன்னால் இருப்பது பணத்தை வாங்கித் தருகிற இடைத்தரகர், பின்னால் இருப்பதுதான் கடை அல்லது ஆப். அப்போது அந்தத் தரகரின் கணக்குக்குள் போனாலே சந்தாப் பட்டியல் தெரிந்துவிடும். உங்களுடையதில் நட்சத்திரம் இல்லை. நேராகக் கார்டு எண்ணை ஒரு இணையப் பக்கத்தில் யாரோ அடித்துக் கொடுத்திருக்கிறார்கள், அந்த யாரோ பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறார்கள்.

கோபப்படாதீர்கள், ஓடிபி வரவில்லை என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. சந்தாவில் ஓடிபி கேட்பது முதல் தடவை மட்டும்தான். அதற்குப் பிறகு கடைக்காரனே சேமித்து வைத்திருக்கிற கார்டு விவரத்தை வைத்து எடுப்பது, பேங்கும் அதைத் தொடர் பரிவர்த்தனை என்ற அடையாளத்தோடு வாங்கிக்கொள்கிறது, அப்பாவின் கைப்பேசிக்கு எதுவும் கேட்டு வராது. அதனால் மே 29இல் ஓடிபி வந்ததா என்று கேட்பதில் பயனில்லை. கேட்க வேண்டியது ஆரம்ப நாளைப் பற்றி.

அந்த ஆரம்ப நாள் மார்ச் 6 இல்லை என்று நினைக்கிறேன். இந்த வகைச் சேவைகள் பெரும்பாலும் சோதனைக் காலம் என்று ஒன்று கொடுக்கும், மூன்று நாள் அல்லது ஏழு நாள், அதற்கு இரண்டு மூன்று வெள்ளி மட்டும் வாங்கும், அல்லது சும்மா கொடுக்கும். அது முடிந்ததும் முழு விலை தானாக ஓடத் தொடங்கும். மார்ச் 6லிருந்து ஏழு நாள் பின்னால் போனால் பிப்ரவரி 27, மூன்று நாள் போனால் மார்ச் 3. அப்பாவின் ஸ்டேட்மெண்டில் பிப்ரவரி 20லிருந்து மார்ச் 6 வரை ஒவ்வொரு வரியாகப் பாருங்கள், ஒற்றை இலக்கத் தொகை ஏதாவது இருக்கிறதா என்று. பெயர் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தாலும் விடாதீர்கள். சோதனைக்குக் காசே வாங்காமல் கார்டு உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தால் ஸ்டேட்மெண்டில் தடயம் இருக்காது. அப்போதும் அப்பாவின் கைப்பேசியில் இருக்கலாம். பேங்க் அனுப்பிய குறுஞ்செய்திகளில் அதே இரண்டு வாரத்துக்கு மேலே ஏற்றிப் போய்ப் பாருங்கள், ஓடிபி செய்தியிலேயே பல நேரம் கடையின் பெயரும் தொகையும் இருக்கும். ஆப்பில் ஒப்புதல் கொடுக்கிற பேங்காக இருந்தால் அந்த அறிவிப்புகளின் பழைய பட்டியலைத் திறந்து பாருங்கள்.

எங்கள் சித்தி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், உங்களுடையதுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. சித்தி தோட்டத்து கிளினிக்கில் வேலை பார்த்தவர், ஓய்வூதியக் கணக்கில் ஒரு கார்டு, அந்த வீட்டுக்கே அந்த ஒரு கார்டுதான். அவருக்கு 44 வெள்ளிச் சொச்சம் போய்க்கொண்டிருந்தது, ஒரு தடவை 44.96, அடுத்த தடவை 44.71, அப்புறம் 44.83. ஆடுகிறது என்றால் டாலர். அப்போதைய விகிதத்தில், பேங்க் மேலே போடும் ஒரு விழுக்காட்டையும் கழித்துப் பார்த்தால் 9.99 டாலர் பக்கத்தில் வந்தது. தேதிகள் ஜனவரி 16, பிப்ரவரி 13, மார்ச் 13, அதுவும் 28 நாள்தான். ஜனவரி 16க்கு ஏழு நாள் முன்னால் ஜனவரி 9, அன்றைக்கு ஸ்டேட்மெண்டில் 4 வெள்ளிக்கு ஒரு வரி இருந்தது, ஆனால் அதற்கு மேலும் கீழும் பலசரக்குக் கடை, பெட்ரோல் என்று இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. சித்தியிடம் ஜனவரி 9இல் என்ன நடந்தது என்று கேட்டேன், சித்திக்கு நினைவில்லை. பேரனிடம் கேட்டேன், முதலில் இல்லை என்றான், பிறகு தலையைச் சொறிந்தான். ஈப்போவில் ஒரு தொழிற்சாலைக்கு வேலை விண்ணப்பம் அனுப்ப சான்றிதழ் படங்களை ஒரே பிடிஎஃப் ஆக்க வேண்டியிருந்திருக்கிறது, தேடலில் முதலில் வந்த பக்கத்தில் போட்டிருக்கிறான், எல்லாம் செய்து முடித்த பிறகு இறக்குவதற்கு மட்டும் 4 வெள்ளி என்று கேட்டிருக்கிறது. பாட்டியின் கார்டைக் கேட்டு அடித்திருக்கிறான், பாட்டி ஓடிபியை வாசித்துச் சொல்லியிருக்கிறார். 4 வெள்ளிதானே என்று இரண்டு பேரும் அன்றைக்கே மறந்துவிட்டார்கள். கீழே பொடி எழுத்தில் ஏழு நாளுக்குப் பிறகு 9.99 டாலர் என்று இருந்ததை யார் பார்த்தார்கள். பிடிஎஃப் மட்டும் இல்லை, அறிவுத்திறன் சோதனை, கைரேகை, ஜாதகம், தற்குறிப்பு எழுதித் தரும் பக்கம் என்று முடிவைக் காட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் காசு கேட்கிற எல்லாவற்றிலும் இதே கதைதான்.

ஆகவே அப்பாவிடம் என்ன வாங்கினீர்கள் என்று கேட்காதீர்கள், அவர் இல்லை என்றுதான் சொல்வார், அது பொய்யும் இல்லை. பிப்ரவரி கடைசி வாரத்தில் யாருக்காவது ஓடிபி எண்ணை வாசித்துச் சொன்னீர்களா என்று கேளுங்கள்.

ஆள் கிடைத்ததும் அவருடைய மின்னஞ்சலில் தேட வேண்டும், அப்பாவுடையதில் இல்லை. கார்டு ஒருவருடையது, கணக்கு இன்னொருவருடையது, இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஜிமெயில் என்றால் தேடும் பெட்டியில் இதை அப்படியே போடுங்கள்:

```
in:anywhere after:2025/02/19 before:2025/03/09
(trial OR receipt OR invoice OR subscription
OR "39.90" OR "43.09")
```

`in:anywhere` என்று போட்டால் ஸ்பாம், குப்பை எல்லாவற்றிலும் தேடும், நீங்கள் தேடுகிற கடிதம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். ஆனால் குப்பையிலும் ஸ்பாமிலும் 30 நாளுக்கு மேல் எதுவும் தங்காது, பிப்ரவரிக் கடிதம் போயிருக்கலாம். கிடைக்கவில்லை என்றால் தேதிகளை எடுத்துவிட்டு மே 29ஐ ஒட்டி ரசீது வந்திருக்கிறதா என்று பாருங்கள். கடிதம் கிடைத்தால் அனுப்பியவர் பெயரை மட்டும் பார்த்து இது இல்லை என்று மூடிவிடாதீர்கள், அடிவரை இறங்கிப் போங்கள். அங்கே சாம்பல் நிறப் பொடி எழுத்தில் பதிவான கம்பெனியின் பெயரும் முகவரியும் இருக்கும், அதில் உங்கள் XXXXTECH LTD இருந்தால் முடிந்தது. சித்தி விஷயத்தில் அப்படித்தான் பிடித்தோம்.

ஒரு வேளை யாருக்குமே நினைவில்லை, மின்னஞ்சலும் இல்லை என்றால் ஸ்டேட்மெண்டில் உள்ள முழுப் பெயரையும் மேற்கோள் குறிக்குள் போட்டு இணையத்தில் தேடுங்கள், கூடவே terms என்ற சொல்லையும் சேர்த்து. சேவை விதிமுறைப் பக்கங்களில் சட்டப் பெயரை எழுதுவார்கள், அதன் வழியாகக் கடைப் பெயர் கிடைக்கும். ஆனால் தேடல் முடிவில் வருகிற வாடிக்கையாளர் சேவை எண் எதற்கும் அடிக்காதீர்கள். இப்படித் தேடுகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே போலி எண்களைப் போட்டுவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் உள்ள சந்தா தேடும் படிவம் கார்டின் கடைசி நான்கு எண், சில நேரம் முதல் ஆறு எண், தொகை, தேதி இவ்வளவுதான் கேட்கும். முழு எண்ணோ பின்புறத்து மூன்று எண்ணோ ஓடிபியோ கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

பேங்குக்கு இன்னொரு தடவை போவதென்றால் முன்மேசையில் இந்தப் பெயர் யார் என்று கேட்காதீர்கள், உங்கள் கையில் இருக்கிற அதே வரிதான் அவர்கள் திரையிலும் இருக்கும். கார்டு புகார்ப் பிரிவிடம் கேட்கச் சொல்லி இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, எம்சிசி எனப்படும் நான்கு இலக்க வணிக வகை எண். 5815இலிருந்து 5818 வரை வந்தால் டிஜிட்டல் சரக்கு, அதில் 5816 விளையாட்டு, 5817 ஆப். 5968 என்றால் சந்தா வியாபாரம், 7273 என்றால் துணை தேடும் சேவை, 8398 என்றால் நன்கொடை. பெயர் சொல்லாததை இந்த எண் பல நேரம் சொல்லிவிடும் (7273 வந்தபோது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை). இரண்டாவது, ஏஆர்என் எனப்படும் 23 இலக்க எண். கடைக்காரன் எனக்கு உங்கள் பணமே வரவில்லை என்று சாதித்தால் அந்த எண்ணைக் கொடுங்கள், அதை வைத்து அவனுடைய பேங்க் அந்தப் பரிவர்த்தனையைத் தேடி எடுத்துவிடும்.

இனி கார்டை மாற்றும் கேள்விக்கு வருகிறேன். மாற்றினால் நின்றுவிடும் என்பது முழு உண்மை இல்லை. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் புதிய கார்டு எண்ணைச் சந்தாக் கடைகளுக்குத் தானாகக் கொண்டுசேர்க்கிற சேவை இருக்கிறது. பேங்க் அதில் சேர்ந்திருந்தால் பழைய கார்டை வெட்டிப் போட்ட பிறகும் புதிய கார்டில் அதே 43.09 வந்து நிற்கும், அப்போது எல்லாரும் பேங்கைத்தான் திட்டுவார்கள். ஆப்பைக் கைப்பேசியிலிருந்து நீக்குவதும் அப்படித்தான், ஆப் போகும், சந்தா அங்கேயே இருக்கும். பேங்க் ஆப்பில் ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனைகளை அணைக்கிற சுவிட்ச் இருந்தால் இன்றைக்கே அணைத்துவையுங்கள், ஆனால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள், ஒரு நாள் மறந்து திறந்தால் மறுபடி முயன்று எடுத்துக்கொள்வார்கள். சந்தாவை அது பிறந்த இடத்திலேயே ரத்து செய்ய வேண்டும், ரத்து ஆனதற்கான கடிதத்தைத் தேதியோடு படம் பிடித்து வைக்க வேண்டும்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்றால், கேளுங்கள். கம்பெனிக்கு எழுதும்போது நான்கு தேதியையும் கடைசி நான்கு எண்ணையும் போட்டு, சேவையைப் பயன்படுத்தவே இல்லை, நான்கையும் திருப்பிக் கொடுங்கள் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி போதும். சித்திக்குக் கடைசி ஒன்றை மட்டும் கொடுத்தார்கள், இன்னொரு கடிதம் போட்ட பிறகு அதற்கு முந்தையதையும் கொடுத்தார்கள், முதல் தொகை கிடைக்கவில்லை.

பேங்கில் புகார் எழுதும்போதுதான் கவனம் வேண்டும். அங்கே இரண்டு கதவு இருக்கிறது. நான் செய்யவில்லை, மோசடி என்பது ஒன்று. ரத்து செய்த பிறகும் எடுக்கிறார்கள் என்பது இன்னொன்று. வீட்டில் யாரோ கார்டைக் கொடுத்து ஓடிபியும் சொல்லியிருக்கும்போது மோசடி என்று எழுதினால், கடைக்காரன் முதல் நாள் ஓடிபி சரிபார்க்கப்பட்ட பதிவைக் காட்டுவான், புகார் அங்கேயே விழுந்துவிடும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்கிற உண்மையையும் யாரும் கேட்க மாட்டார்கள். நான் பார்த்ததில் தோற்ற புகார்களில் பாதி இப்படித் தவறான கதவைத் தட்டியவைதான். ரத்துக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு வந்த தொகைக்குப் புகார் எழுதினால் உங்கள் பக்கம் பலமாக இருக்கும். இதற்குக் கார்டு வலையமைப்புகள் கொடுக்கிற காலம் பொதுவாக 120 நாள், பேங்கின் படிவத்தில் அதைவிடக் குறைவாகவும் போட்டிருக்கலாம், அதனால் தள்ளிப் போடாதீர்கள்.

தேடித் தேடியும் ஆளே கிடைக்கவில்லை, கைப்பேசியில் ஓடிபி செய்தியும் இல்லை, வீட்டில் யாரும் செய்யவில்லை என்பது உறுதி என்றால், அப்போது முதல் கதவுதான் சரி, கார்டையும் மாற்றிவிடுங்கள். மாற்றும்போதே புதிய எண்ணை அந்தக் கடைக்குக் கொடுக்காமல் தடுக்க முடியுமா என்று கேளுங்கள், ஒரு குறிப்பிட்ட கடையை மட்டும் நிறுத்திவைக்கிற வசதி சில பேங்குகளில் உண்டு, கேட்டால்தான் செய்வார்கள்.

மே 29க்கு 28 நாள் கூட்டினால் ஜூன் 26, வியாழக்கிழமை. அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே ரத்து முடிந்திருக்க வேண்டும், சில கம்பெனிகள் 24 மணி நேரத்துக்கு முன்னால் செய்தால்தான் ஏற்கும். 26ஆம் தேதி பார்த்துவிட்டு வரவில்லை என்று சந்தோஷப்பட வேண்டாம், கணக்கில் ஏற நாளாகும், 30ஆம் தேதி திங்கட்கிழமை பாருங்கள். அப்போதும் வந்திருந்தால் ரத்துக் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு அப்பாவையும் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போங்கள், கணக்கு அவர் பெயரில் இருப்பதால் அவர் கையெழுத்து இல்லாமல் படிவத்தை வாங்க மாட்டார்கள்.